சிரிப்புக்கு விட்ட இடம்

1976-இல் சென்னை மேடைக்கு வந்த 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தை எழுதியவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஓர் இளைஞர். எஸ்.வி. சேகரின் குழு அதை நடித்தது. நாடகத் தலைப்பின் முதல் சொல் எழுதியவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மோகன், கிரேஸி மோகன் ஆனார். அந்தக் காலத்துச் சபா நாடகங்களை நினைவுகூர்கிறவர்கள், நிமிடத்துக்கு இத்தனை ஜோக் என்று எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்வார்கள். என்னை ஈர்ப்பது எண்ணிக்கை அல்ல. ஒரு ஜோக் முடிந்து அடுத்த வசனம் தொடங்கும் வரை இருந்த இரண்டு, மூன்று நொடிகள்தான். அந்த நொடிகளை அன்று யார் காவல் காத்தார்கள், இன்று யார் காக்கிறார்கள் என்று பார்த்தால், நகைச்சுவை எழுத்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரியும்.

அன்று காத்தவர் நடிகர். ஒரு நல்ல ஜோக்குக்கு அரங்கு இரண்டு முதல் நான்கு நொடி சிரிக்கும். கைதட்டலும் சேர்ந்தால் இன்னும் நீளும். சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். தேர்ந்த நடிகர் அது முழுதாக அடங்கும்வரை காத்திருக்க மாட்டார். காத்திருந்தால் அரங்கு ஆறிப்போகும். உச்சியிலும் பேச மாட்டார். பேசினால் வசனம் மூழ்கிப்போகும். இறங்கத் தொடங்கி, பாதிக்கு வந்ததும் அடுத்த வசனத்தை எடுப்பார். அதுவரை கையைக்கூட அசைக்கக் கூடாது. அசைந்தால் மக்கள் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று எண்ணிச் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிடுவார்கள். அப்படி இரண்டு முறை விழுங்க வைத்தால், மூன்றாவது ஜோக்குக்கு அவர்கள் சிரிக்கவே தயங்குவார்கள். காலி அறையில் ஒத்திகை பார்த்த நாடகம் சபாவில் நீளமாக ஓடுவதற்கு இந்த நொடிகள்தான் பெரிய காரணம்.

இதெல்லாம் நடிகரின் வேலை என்றால், எழுத்தாளருக்கு அதில் என்ன பங்கு? சிரிப்புக்கு அடுத்து எந்த வரியை வைப்பது என்பது அவருடைய பங்கு. நடிகர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், சிரிப்புக்குப் பின் வரும் முதல் வரியை அரங்கில் பாதிப் பேர் சரியாகக் கேட்க மாட்டார்கள். பின்வரிசைக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார். முன்வரிசைக்காரர், காதில் விழாத ஜோக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆகவே கதைக்குத் தேவையான செய்தி எதையும் அந்த வரியில் வைக்கக் கூடாது.

ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொள்வோம். இது நான் இந்தக் கட்டுரைக்காகக் கட்டியது. வேலை போய் ஒரு மாதம் ஆனதை மனைவியிடம் மறைத்து வைத்திருக்கிறான் கணவன். அவையோருக்கு அது தெரியும். மாமனார் நேரில் வரப்போகிறார் என்பதுதான் காட்சி சொல்லவேண்டிய செய்தி.

மனைவி: அப்பா போன் பண்ணார். உங்களைப் பத்திப் பெருமையாப் பேசினார்.

கணவன்: அப்போ ராங் நம்பர்.

மனைவி: நாளைக்குப் பத்து மணிக்கு உங்க ஆபீசுக்கு வர்றாராம்.

கணவன்: எந்த ஆபீசுக்கு?

தாளில் படித்தால் குறை தெரியாது. மேடையில் இரண்டாவது சிரிப்பு விழாது. 'ராங் நம்பர்' எழுப்பிய சிரிப்பில் மாமனார் வரும் செய்தி காணாமல் போயிருக்கும். செய்தியைக் கேளாதவர்களுக்கு, 'எந்த ஆபீசுக்கு?' என்ற பதற்றம் வெறும் கேள்வியாகவே நிற்கும். முதல் ஜோக் நன்றாக எடுபட எடுபட, இரண்டாவது ஜோக் இன்னும் மோசமாகச் சாகும். புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'எந்த ஆபீசுக்கு?' பலவீனமான ஜோக் என்று முடிவு கட்டி, அதற்குப் பதில் வேறொன்றைத் தேடப் போவார்கள். கோளாறு அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது.

பழைய கைகள் இதை எப்படிச் சரிசெய்திருப்பார்கள்? 'ராங் நம்பர்' முடிந்ததும் மனைவி முறைக்க வேண்டும். அதற்கே ஒரு நொடி போகும். பிறகு, "போதுமே, எப்பப் பாரு எங்கப்பாவைக் கிண்டல் பண்றதே வேலை" என்று ஒரு வரி. தொலைந்தாலும் நட்டமில்லாத வரி அது. காதில் விழுந்தவருக்கு அவள் கோபம் புரியும், விழாதவருக்கு அவள் முகமே போதும். அதன் பிறகுதான் மாமனார் வருகிறார் என்ற செய்தி. அதையும் ஒரு தடவை சொல்லி விட்டுவிட மாட்டார்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாராம், உங்க ஆபீசுக்கு." "ஆபீசுக்கா?" "ஆமா, உங்க ஆபீசுக்கே." "எந்த ஆபீசுக்கு?" மூன்று முறை வந்துவிட்ட சொல்லைத் தவறவிட்டவர் அரங்கில் இருக்க மாட்டார். சிரிப்பு முழுதாக வரும்.

இங்கே எழுத்தாளருக்கு ஒரு சபலம் தட்டும். 'கிண்டல் பண்றதே வேலை' என்று மனைவி சொன்னதும், வேலையில்லாத கணவன் 'இப்போதைக்கு அது ஒண்ணுதான்' என்று முணுமுணுத்தால் என்ன? உண்மையைச் சொன்னால், காட்சியில் இருப்பவற்றில் அதுதான் நல்ல ஜோக். ஆனால் அதை அங்கே வைத்தால் சிரிப்பு மறுபடி எழும், செய்தி மறுபடி மூழ்கும். அன்றைய எழுத்தாளர் அதை வெட்டிவிடுவார், அல்லது காட்சியின் கடைசிக்குத் தள்ளிவைப்பார்.

தமிழ் வாக்கிய அமைப்பும் இதில் ஒரு தொல்லை தரும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். வியப்பைத் தரும் சொல்லோ பெரும்பாலும் பெயராக இருக்கும். 'அது ராங் நம்பரா இருந்திருக்கும்னு நினைக்கிறேன்' என்று எழுதினால், ஜோக் நடுவிலேயே வெடித்து, மீதிச் சொற்கள் சிரிப்பின்மேல் உரசிக்கொண்டு ஓடும். நல்லவேளையாக, பேச்சுத் தமிழ் சொற்களை இடம் மாற்றி வைக்க அனுமதிக்கிறது. வினையை முன்னால் முடித்துவிட்டுப் பெயரைக் கடைசியில் போடலாம், அல்லது வினையை விட்டே விடலாம். 'அப்போ ராங் நம்பர்.' அவ்வளவுதான், பிறகு வாயை மூடிக்கொள்ளலாம். செய்தி சொல்லும் வரியிலும் இதே சூட்சுமம் உண்டு. 'வர்றாராம், உங்க ஆபீசுக்கு' என்று முடிக்கும்போது, அடுத்த ஜோக்குக்குத் தேவையான சொல் காதில் கடைசியாக நிற்கிறது. சபா நாடகக்காரர்கள் இலக்கணம் சொல்லி இதைச் செய்யவில்லை. சனிக்கிழமைதோறும் சிரித்த, சிரிக்காத அரங்குகள் கற்றுக்கொடுத்தன.

சினிமாவுக்கு வந்தபோது நொடிகளின் காவல் நடிகரிடமிருந்து படத்தொகுப்பாளரின் மேசைக்கு மாறியது. திரையில் இருப்பவருக்கு அரங்கின் சிரிப்புக் கேட்காது. மூன்று நொடிச் சிரிப்பு என்றால், நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் 72 சட்டகம், 35 மி.மீ. பிலிமில் நாலரை அடி. அந்த நாலரை அடியை, யாரும் சிரிக்காத ஓர் அறையில் உட்கார்ந்து, சிரிப்பார்கள் என்று நம்பி விட்டுவைக்க வேண்டும். முதல் நாள் மாலைக் காட்சியில் அது போதாமல் போகலாம். மூன்றாம் வாரப் பகல் காட்சியில், இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில், அதே நாலரை அடி சங்கடமான மௌனமாகத் தொங்கும்.

ஹாலிவுட்டில் இதற்கு ஒரு செலவு மிகுந்த வழி கண்டார்கள். மார்க்ஸ் சகோதரர்கள் 1935-இல் வெளியான 'எ நைட் அட் தி ஓபரா' படத்தை எடுக்கும் முன், அதன் நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்தார்கள். சிரிப்பு எங்கே வருகிறது, எத்தனை நேரம் நீடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்பப் படத்தில் இடம் விட்டார்கள். பில்லி வைல்டர் 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தில் செய்தது மலிவானது, ஆனால் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பெண் வேடத்தில் இருக்கும் ஜாக் லெமன், ஒரு பணக்காரக் கிழவருக்கும் தனக்கும் நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதாக நண்பனிடம் சொல்லும் காட்சி அது. ஒவ்வொரு வரியும் ஜோக். வைல்டர் லெமனின் கையில் இரண்டு மராக்காஸைக் கொடுத்தார். உள்ளே விதை குலுங்கும் தாளக்கருவி அது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் லெமன் பாதி மயக்கத்தில் அதைக் குலுக்கி ஓர் ஆட்டம் போடுவார். அரங்கு சிரித்தால் சிரிப்பு அந்த ஆட்டத்தின்மேல் விழும். சிரிக்காவிட்டால், பார்க்க ஓர் ஆட்டம் இருக்கிறது. இடைவெளி வெற்றிடமாகத் தெரியவே தெரியாது.

நம்மிடம் மராக்காஸ் இல்லை; டி.எஸ். பாலையா இருந்தார். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் சினிமா எடுக்கத் துடிக்கும் நாகேஷ், தன் தந்தையான பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் உருவாக்கிய படம். கதை சொல்வது நாகேஷ் என்றாலும், நாம் சிரிப்பது பாலையாவின் முகத்தில். நாகேஷ் ஓர் ஓசையை எழுப்புவார், பாலையா மிரள்வார். அந்த மிரட்சி நீடிக்கும் நேரத்தில் புதிய செய்தி எதுவும் வருவதில்லை. அரங்கு வேண்டிய மட்டும் சிரித்துவிட்டு, கதையின் எந்த இழையையும் தவறவிடாமல் நாகேஷிடம் திரும்பிவிடலாம். கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைச் சிரிப்புக்கான இடமாக ஆக்கியது தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நகைச்சுவைக் கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

25 ஆண்டுகள் கழித்து 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் இன்னொரு வழி தெரிந்தது. கவுண்டமணி எத்தனை விதமாகக் கேட்டாலும் செந்தில் சொல்லும் பதில் ஒன்றுதான். பதில் மாறாததால், ஒரு முறை சிரிப்பில் மூழ்கினாலும் அடுத்த முறை கைக்கு வந்துவிடும். கவுண்டமணியின் கோபம் ஏறும் நேரம், சிரிப்பு இறங்கும் நேரம்.

அடுத்த ஆண்டே இந்தக் கணக்கைக் கலைத்த படம் ஒன்று வந்தது. மேடையில் இடைவெளியை நன்கு அறிந்த கிரேஸி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). அதில் கமல்ஹாசனும் மற்றவர்களும் அரங்கு சிரித்து முடிக்கட்டும் என்று பெரும்பாலான இடங்களில் நிற்பதில்லை. ஒரு சிலேடையின் வாலை அடுத்த சிலேடை பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கொட்டகையில் பார்த்தவர்கள் பாதியைச் சிரிப்பில் இழந்தார்கள். இழந்ததைத் தேடி மறுபடி போனார்கள். பிறகு வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பார்த்து மீட்டார்கள். இருந்தும் கதை யாருக்கும் குழம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு சகோதரர்களின் ஆள்மாறாட்டக் கதை அது. குழம்ப எல்லா நியாயமும் உண்டு. தொலையக்கூடியவை ஜோக்குகளாகவும், தொலையக் கூடாதவை தனியாகவும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. மேடையில் கற்ற ஒழுங்கை மோகன் விட்டுவிடவில்லை. அதை வேறு வேகத்தில் ஓட்டினார்.

இன்று அந்த நொடிகளுக்குக் காவலே தேவைப்படாதது போன்ற ஒரு நிலை. நகைச்சுவையின் பெரும்பகுதியை மக்கள் கைப்பேசியில், தனியாக, காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். யூடியூப் ஷார்ட்ஸ் 2020-இல் இந்தியாவில்தான் முதலில் அறிமுகமானது; அதன் எல்லை 60 நொடியாக இருந்து, 2024-இல் மூன்று நிமிடமாயிற்று. சபாவில் பல நூறு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். இங்கே ஒருவர் ஒரு நிமிடம் நிற்கிறார், அதுவும் பிடித்தால். தனியாக இருப்பவர் மூன்று நொடி உரக்கச் சிரிப்பதில்லை. மூக்கால் ஒரு காற்று விடுவார், அரை நொடி. அவருக்கு வசனம் மூழ்காது. தவறினால் பின்னால் தள்ளிப் பார்த்துக்கொள்வார்.

மேலே சொன்ன காட்சியை இன்று எடுத்தால் முதலில் ஜோக்கே மாறும். கைப்பேசியில் அழைத்தவர் பெயர் தெரிவதால் ராங் நம்பர் செத்துவிட்டது. 'அப்போ போன் திருட்டுப் போயிடுச்சா?' என்று வைக்கலாம். அடுத்த நொடியே மனைவியின் முகம், பெரிதாக, பத்துப் பன்னிரண்டு சட்டகம். உடனே 'கிண்டல் பண்றதே வேலை', அதன் முதுகிலேயே 'இப்போதைக்கு அது ஒண்ணுதான்'. அன்று வெட்டப்பட்ட நல்ல ஜோக் இன்று உயிர் பிழைக்கும். மாமனார் வருவதை மூன்று முறை சொல்லத் தேவையில்லை. ஒரு முறை போதும். அன்று நாற்பது நொடி எடுத்த காட்சி பதினைந்து நொடியில் முடியும். வரவுக் கணக்கில் இதைக் குறைத்து எழுத முடியாது. அடர்த்தி கூடியிருக்கிறது, முணுமுணுப்பாகச் சொல்லும் ஜோக், ஓரத்தில் நடக்கும் ஜோக், பின்சுவரில் தொங்கும் காலண்டரில் இருக்கும் ஜோக் எல்லாம் சாத்தியமாகியிருக்கின்றன. கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்ற கவலை இல்லாததால் குரலும் நடிப்பும் இயல்பாகியிருக்கின்றன.

செலவுக் கணக்கில் முதலில் எழுதவேண்டியது, சோதனை போனது. சபாவில் ஒரு வரி தவறான இடத்தில் இருந்தால் அன்றே தெரிந்துவிடும். அடுத்த வாரம் மாற்றி வைக்கலாம். பத்தாவது மேடையேற்றத்தில் நாடகம் முதல் நாளைவிட இறுகியிருக்கும். இன்றைய காணொளிக்கும் எண்கள் வருகின்றன. எந்த நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று வரைகோடு காட்டுகிறது. ஆனால் விலகியதைக் காட்டும் கோடு சிரித்ததைக் காட்டாது. விருப்பம் தெரிவித்தவர் எந்த வரிக்குத் தெரிவித்தார் என்பதும் அதில் இல்லை. விலகல் பயத்தில் இடைவெளிகளை மேலும் மேலும் வெட்டுகிறார்கள். மூச்சு விடும் சத்தம்கூட வெட்டப்படுகிறது. அப்படி வெட்டிய காணொளியை நான்கு பேர் கூடியிருக்கும் வரவேற்பறையில், தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். முதல் ஜோக்குக்குச் சிரிப்பார்கள். அடுத்த மூன்று வரி யாருக்கும் கேட்காது. தனிமைக்காகத் தைத்த சட்டை கூட்டத்துக்குப் பொருந்தாது.

இன்னொரு செலவு, கண்ணுக்குத் தெரிந்தும் பலர் கவனிக்காதது: திரையின் அடியில் ஓடும் எழுத்து. பேருந்தில் ஒலியைக் குறைத்துப் பார்ப்பவருக்காக வசனத்தை எழுத்தாகவும் போடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் முழு வாக்கியத்தையும் வாக்கியம் தொடங்கும்போதே போட்டுவிடுகிறார்கள். கண் வாயைவிட வேகமானது. நடிகர் 'அப்போ' என்று இழுத்து, ஒரு கணம் மாமனாரின் புகைப்படத்தைப் பார்த்து, பிறகு சொல்லப்போகும் சொல்லைப் பார்வையாளர் ஏற்கெனவே படித்து முடித்திருப்பார். நடிகர் பிடித்துவைத்த அந்த ஒரு கணத்துக்கு வேலையில்லாமல் போகிறது. எழுத்தாளர் ஜோக்கை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுவரப் பட்ட பாடெல்லாம் வீண்.

இடைவெளி முழுதாகத் திரும்பி வந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் தனிநபர் மேடை நகைச்சுவை வளர்ந்திருக்கிறது. 2019-இல் அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' ஓடிடி தளத்தில் வந்தது. அரங்கில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சிரிக்கிறார்கள், மேடையில் நிற்பவர் காத்திருக்கிறார். வீட்டில் பார்ப்பவருக்கு அரங்கின் சிரிப்பும் சேர்ந்தே கேட்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1950-களில் சார்லி டக்ளஸ் பெட்டிக்குள் பதிவு செய்துவைத்து விசையைத் தட்டி எழுப்பிய சிரிப்பைப் போன்றதல்ல இது. உண்மையில் அந்த நொடியில் எழுந்த சிரிப்பு. அதே நிகழ்ச்சியை ஒரு நிமிடத் துண்டாக நறுக்கும்போது சிரிப்பின் வாலை வெட்டிவிடுகிறார்கள். அப்போது, காத்திருந்து பேசிய ஒருவர் காத்திருக்காமல் பேசியவராகத் தெரிகிறார்.

கிரேஸி மோகன் 2019 ஜூனில் காலமானார். மேடைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதியவர், கடைசிவரை இரு வேகங்களிலும் எழுதினார். இரண்டில் ஒன்றுதான் சரி என்று அவருடைய எழுத்தை வைத்து வாதாட முடியாது. எனக்கும் பழைய வேகமே திரும்ப வேண்டும் என்ற ஆசை இல்லை. ஆனால் காணொளிக்கு எழுத்துப் போடும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜோக்கின் கடைசிச் சொல்லை மட்டும் தனியே வெட்டி, நடிகர் வாய் திறந்த பிறகு அடுத்த வரியாகப் போடுங்கள். உங்களுக்கு அது அரை நிமிட வேலை.